விண்ணேற்றமும் பெந்தெகோஸ்தும்: நாற்பதையும் ஐம்பதையும் எண்ணும் முறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டர் தேதியோடு நாற்பது நாள் கூட்டினால் வெள்ளிக்கிழமை வருகிறது. காலண்டரில் வியாழன் என்று போட்டிருக்கிறது. எது சரி?

காலண்டர்தான் சரி. கூட்ட வேண்டியது 40 இல்லை, 39. பெந்தெகோஸ்துக்கும் அப்படியே: 50 கூட்டினால் திங்கள் வந்து நிற்கும், 49 கூட்டினால்தான் ஞாயிறு வரும்.

காரணம் ஒன்றே. ஈஸ்டர் ஞாயிறையே முதல் நாளாக எண்ணுகிறோம். அது ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று என்று போனால் நாற்பதாவது வியாழனில் முடியும், ஐம்பதாவது ஞாயிறில் முடியும். முதல் நாளைக் கணக்கில் சேர்த்துவிட்டதால் கூட்டும் எண்ணில் ஒன்று குறைகிறது.

கிழமையை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். 39ஐ ஏழால் வகுத்தால் மீதி 4. ஞாயிறிலிருந்து நான்கு நாள் தள்ளினால் வியாழன். 49ஐ ஏழால் வகுத்தால் மீதி இல்லை. ஞாயிறு ஞாயிறாகவே நிற்கும். உங்கள் கணக்கில் விண்ணேற்றம் வெள்ளியில் விழுந்தால் ஈஸ்டர் நாளை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். புதனில் விழுந்தால் எங்கோ ஒரு நாளைக் கூடுதலாக எண்ணியிருக்கிறீர்கள். பெரும்பாலும் 30 நாள் உள்ள ஏப்ரலை 31 என்று எடுத்திருப்பீர்கள்.

ஈஸ்டர் அன்று எண்ணாமல் மறுநாளைத்தானே ஒன்று என்று எண்ண வேண்டும்? யார் வைத்த வழக்கம் இது?

பைபிள் காலத்து மக்கள் நாள் எண்ணியதே அப்படித்தான். இயேசு வெள்ளிக்கிழமை இறந்து ஞாயிறு உயிர்த்தார். நடுவில் கழிந்த முழு நாள் ஒன்றுதான், ஆனாலும் ‘மூன்றாம் நாள்’ என்கிறோம். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. தோமா இல்லாதபோது ஆண்டவர் சீடர்களுக்குத் தோன்றியது ஞாயிறு மாலை. ‘எட்டு நாளுக்குப் பின்’ தோமாவும் இருக்கும்போது மறுபடி தோன்றுகிறார். அந்த எட்டை இன்றைய கணக்கில் கூட்டினால் திங்கள் வரும். திருச்சபையோ அதை அடுத்த ஞாயிறு என்றே எப்போதும் வாசித்து வந்திருக்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. துக்க வீட்டில் பதினாறாம் நாள் பார்க்கும்போது பெரும்பாலும் இறந்த நாளையும் சேர்த்துத்தான் விரல் மடக்குகிறோம். ‘நாற்பது நாள் கழித்து’ என்பது வேறு, ‘நாற்பதாம் நாள்’ என்பது வேறு. முதலாவதில் நாட்கள் கழிய வேண்டும். இரண்டாவதில் வரிசையில் அந்த நாளின் இடம் எது என்று பார்க்கிறோம். பெந்தெகோஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கே ‘ஐம்பதாவது’ என்றுதான் பொருள், ‘ஐம்பது’ என்று இல்லை. அறிவிப்புப் பலகையில் ‘ஈஸ்டருக்கு 40 நாட்கள் கழித்து’ என்று எழுதாமல் ‘ஈஸ்டரிலிருந்து 40ஆம் நாள்’ என்று எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

காலண்டரைப் புரட்டாமல் காகிதத்தில் போட்டுப் பார்க்க முடியுமா? ஒரு வருடத்தை எடுத்துக் காட்டுங்கள்.

2026ஐ எடுப்போம். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5. ஏப்ரல் 5 முதல் 30 வரை, இரண்டு முனையும் சேர்த்து, 26 நாள். நாற்பதுக்கு இன்னும் 14 வேண்டும். ஆகவே மே 14, வியாழன். ஐம்பதுக்கு 24 வேண்டும். ஆகவே மே 24, ஞாயிறு.

தவறு நடக்கும் இடம் இந்த முதல் வரிதான். 30இல் 5ஐக் கழித்து 25 என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கழித்தலில் 5ஆம் தேதி காணாமல் போகிறது, விடை மே 15 வெள்ளி என்று வருகிறது. கழித்த பிறகு ஒன்றைக் கூட்ட வேண்டும்.

ஈஸ்டர் மார்ச்சில் வந்தால் ஒரு மாதம் கூடுதலாகத் தாண்ட வேண்டும். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. மார்ச்சில் 28, 29, 30, 31 என்று நான்கு நாள். ஏப்ரல் முழுக்க 30, ஆக 34. மிச்சம் ஆறு, விண்ணேற்றம் மே 6. பெந்தெகோஸ்துக்கு மிச்சம் பதினாறு, மே 16.

இதையே சுருக்கினால் மனக்கணக்காகிவிடும். ஈஸ்டர் ஏப்ரலில் வந்தால் அதன் தேதியோடு 9 கூட்டுங்கள், மே மாத விண்ணேற்றத் தேதி கிடைக்கும். 19 கூட்டினால் பெந்தெகோஸ்து. ஈஸ்டர் மார்ச்சில் வந்தால் தேதியிலிருந்து 22ஐக் கழித்தால் விண்ணேற்றம், 12ஐக் கழித்தால் பெந்தெகோஸ்து, இரண்டும் மே மாதத்தில். விடை 31ஐத் தாண்டினால் 31ஐக் கழித்துவிட்டு ஜூன் என்று எழுதிக்கொள்ளுங்கள். 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. 9 கூட்டினால் மே 29 வியாழன். 19 கூட்டினால் 39, அதாவது ஜூன் 8.

லீப் ஆண்டைப் பற்றி இங்கே கவலை வேண்டாம். பிப்ரவரி ஈஸ்டருக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எங்கள் பங்கில் விண்ணேற்றத்தை ஞாயிறு கொண்டாடுகிறோம். பக்கத்து சி.எஸ்.ஐ. கோயிலில் வியாழனே ஆராதனை வைத்துவிட்டார்கள். அவர்கள் கணக்கு வேறா?

கணக்கு ஒன்றுதான். நாற்பதாம் நாள் இருவருக்கும் வியாழன்தான். வியாழனில் விண்ணேற்றம் கடன் திருநாளாக இல்லாத நாடுகளில் அதைப் பாஸ்கா காலத்தின் 7ஆம் ஞாயிறுக்கு மாற்றுவது கத்தோலிக்க விதி. வேலை நாளில் மக்களால் கோயிலுக்கு வர முடியாது என்ற நடைமுறைக் காரணம்தான். இந்தியாவின் இலத்தீன் முறைக் கத்தோலிக்கப் பங்குகள் இதைப் பின்பற்றுகின்றன. அதனால் நாற்பதாம் நாளின் பெருவிழா நாற்பத்து மூன்றாம் நாளில் நடக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை பரமேறுதல் திருநாளை அதன் வியாழனிலேயே வைத்திருக்கிறது.

ஆகவே 2026இல் ஒரே ஊரில் மே 14 வியாழன் என்றும் மே 17 ஞாயிறு என்றும் இரண்டு தேதி பார்க்கலாம். இரண்டும் சரி. பெந்தெகோஸ்து ஏற்கெனவே ஞாயிறில் வருவதால் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. இரு கோயிலிலும் மே 24தான்.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே ஆகிய நாடுகளில் அந்த வியாழன் அரசு விடுமுறை. ஊரிலிருந்து வந்த தமிழ்க் காலண்டரைப் பார்த்து ஞாயிறுக்குத் திட்டமிட்டால் வியாழனன்று கடை பூட்டியிருக்கும், திருப்பலியும் முடிந்திருக்கும். அங்கே இருக்கும் நாட்டின் மறைமாவட்ட நாட்காட்டியைப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

விண்ணேற்றத்தை ஞாயிறுக்கு மாற்றினால் தூய ஆவியார் நவநாளையும் திங்களில்தான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். திங்களில் தொடங்கினால் பெந்தெகோஸ்துக்கு முந்தைய சனிக்குள் ஆறு நாள்தான் கிடைக்கும். நவநாள் அறுநாள் ஆகிவிடும்.

இதைப் பெந்தெகோஸ்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்பதாம் நாள் பெந்தெகோஸ்துக்கு முந்தைய சனி. அங்கிருந்து ஒன்பதைப் பின்னால் எண்ணினால் முதல் நாள் வெள்ளியில் விழும், அதாவது நாற்பதாம் நாளுக்கு மறுநாள். 2026இல் மே 15 வெள்ளி முதல் மே 23 சனி வரை. எருசலேமில் மேல்மாடியில் சீடர்கள் காத்திருந்த நாட்களை நினைத்து எழுந்த பழக்கம் என்பதால் அது உண்மையான நாற்பதாம் நாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெருவிழாவை எந்த நாளில் வைத்தாலும். நவநாளின் மூன்றாம் நாளில் விண்ணேற்றப் பெருவிழா வருவது பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஜெபப் புத்தகத்தில் ‘விண்ணேற்றத்துக்கு மறுநாள் தொடங்கவும்’ என்று அச்சிட்டிருந்தால் அதை வியாழனுக்கு மறுநாள் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

தவக்காலத்தின் நாற்பதில் ஞாயிறுகளை விட்டுவிடுகிறோமே. இந்த நாற்பதில் ஏன் விடுவதில்லை?

நாற்பது என்ற எண் ஒன்றாக இருந்தாலும் எண்ணும் முறை இரண்டு. தவக்காலம் என்றால் நோன்பு. ஞாயிறு நோன்பு நாள் அல்ல. திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை மொத்தம் 46 நாள், அதில் ஆறு ஞாயிறு போனால் 40. அதனால்தான் ஈஸ்டர் தேதியிலிருந்து 46 கழித்தால் திருநீற்றுப் புதன் வருகிறது. 2026இல் அது பிப்ரவரி 18. இங்கேதான் லீப் ஆண்டைக் கவனிக்க வேண்டும். பின்னோக்கிப் போகும்போது பிப்ரவரியைத் தாண்டுகிறோம்.

ஈஸ்டருக்குப் பிறகு வருவது நோன்புக் காலம் இல்லை, மகிழ்ச்சிக் காலம். ஐம்பது நாளையும் ஒரே பெரிய ஞாயிறுபோல நடத்துவது பழைய மரபு. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் 20ஆம் விதி ஞாயிறுகளிலும் பெந்தெகோஸ்து நாட்களிலும் முழந்தாளிடாமல் நின்றே ஜெபிக்கச் சொல்கிறது. ‘பெந்தெகோஸ்து நாட்கள்’ என்று அவர்கள் சொன்னது இந்த ஐம்பது நாளையும்தான். அப்படி இருக்கும்போது ஞாயிறை மட்டும் கழிப்பதற்கு இடமே இல்லை.

ஒரு காலண்டரில் ‘பாஸ்கா காலம் 7ஆம் ஞாயிறு’, இன்னொன்றில் அதே நாளை ‘ஈஸ்டருக்குப் பின் 6ஆம் ஞாயிறு’ என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை. முதலாவது ஈஸ்டரையே 1ஆம் ஞாயிறாக எண்ணுகிறது. இரண்டாவது மறு வாரத்திலிருந்து எண்ணுகிறது. நாள் எண்ணிக்கையில் வரும் அதே ஒன்று இங்கே வாரமாக வந்து நிற்கிறது. வாசகங்களைத் தேடும்போது ‘காலம்’ என்று இருக்கிறதா, ‘பின்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு புத்தகங்களைக் கலந்தால் ஒரு வாரம் தள்ளிய வாசகம் பலிபீடத்துக்கு வந்துவிடும்.

பெந்தெகோஸ்து யூதர்களின் பண்டிகைதானே? அப்படியானால் இரண்டும் ஒரே நாளில் வர வேண்டாமா?

எப்போதாவது ஒத்துப்போகும், வழக்கமாக இல்லை. லேவியர் 23ஆம் அதிகாரம், ஓய்வுநாளுக்கு மறுநாள், முதல் கதிர்க்கட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணி ஐம்பதாம் நாளைக் கொண்டாடச் சொல்கிறது. எந்த ஓய்வுநாள் என்பதில்தான் பழைய சண்டை. பரிசேயர் மரபு, பாஸ்கா பண்டிகையின் முதல் நாளையே ஓய்வுநாளாக எடுத்தது. அதனால் நிசான் மாதம் 16ஆம் நாளில் எண்ணத் தொடங்கும். எந்தக் கிழமையிலும் விழலாம். எதிர்த் தரப்போ வாரத்தின் சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்றது. அவர்கள் கணக்கில் எண்ணிக்கை ஞாயிறில் தொடங்கி ஞாயிறிலேயே முடியும். யூதர்களில் காரைத்துகள் இன்றும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஈஸ்டர் ஞாயிறிலிருந்து எண்ணும் கிறிஸ்தவர்களுக்கும் விடை ஞாயிறாகவே வருவது அந்த இரண்டாம் வழியை ஒத்திருக்கிறது.

பெரும்பான்மை யூதர்களின் வழி முதலாவது. 2026இல் அவர்களுடைய பாஸ்கா முதல் நாள் ஏப்ரல் 2 வியாழன். எண்ணிக்கையின் முதல் நாள் ஏப்ரல் 3. ஐம்பதாவது மே 22 வெள்ளி. கிறிஸ்தவப் பெந்தெகோஸ்து மே 24. இரண்டே நாள் வித்தியாசம். கவனியுங்கள்: அவர்களும் தொடங்கும் நாளைச் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

லூக்கா நற்செய்தியை வாசித்தால் ஈஸ்டர் அன்றே விண்ணேறியதுபோல இருக்கிறது. நாற்பது எங்கிருந்து வந்தது?

அதே லூக்கா எழுதிய திருத்தூதர் பணிகள் 1ஆம் அதிகாரம் 3ஆம் வசனத்திலிருந்து; சீர்திருத்தச் சபையார் அப்போஸ்தலருடைய நடபடிகள் என்பார்கள். உயிர்த்தவர் நாற்பது நாளளவும் சீடர்களுக்குத் தோன்றினார் என்று அங்கே இருக்கிறது. நற்செய்தியின் கடைசி அதிகாரம் நிகழ்வுகளை நெருக்கிச் சொல்கிறது, தேதி கொடுப்பதில்லை.

ஆனால் பண்டிகை தொடக்கத்திலிருந்தே நாற்பதாம் நாளில் இருந்ததாக நினைக்க வேண்டாம். 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண்ணின் குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. நாற்பதாம் நாளில் மக்கள் பெத்லகேமுக்குப் போனார்கள் என்றும், விண்ணேற்றப் பகுதியை ஐம்பதாம் நாள் பிற்பகலில் ஒலிவ மலையில் வாசித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஐம்பது முதலில் நிலைபெற்றது, நாற்பது பிறகு அதற்குள் தனி இடம் பிடித்தது.

பங்கு நாட்காட்டியை எக்செலில் போடுகிறேன். ஒரு தடவை எழுதி வைத்தால் எல்லா ஆண்டுக்கும் வருமா?

ஈஸ்டர் தேதியை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கையால் இடுங்கள். A2இல் ஈஸ்டர் இருந்தால் இவை போதும்:

```
B2:  =A2+39
C2:  =A2+49
D2:  =WEEKDAY(A2)
E2:  =WEEKDAY(B2)
```

B2 விண்ணேற்றம், C2 பெந்தெகோஸ்து. D2இல் 1 வர வேண்டும், அது ஞாயிறு. E2இல் 5 வர வேண்டும், அது வியாழன். ஞாயிறுக்கு மாற்றிய விண்ணேற்றம் வேண்டுமானால் 39க்குப் பதில் 42.

இந்தக் கடைசி இரண்டு வரியை அலட்சியம் செய்யாதீர்கள். 05/04/2026 என்று தட்டும்போது கணினி அமெரிக்க முறையில் இருந்தால் அது மே 4 ஆகிவிடும். விண்ணேற்றம் ஜூன் 12 என்று வந்து நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் சந்தேகம் வராது, ஜூனில் விண்ணேற்றம் வரக்கூடியதுதான். ஆனால் மே 4 திங்கள் என்பதால் D2இல் 2 தெரியும், அங்கேயே பிடித்துவிடலாம். தேதியை `=DATE(2026,4,5)` என்று இட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கைப்பேசிக் காலண்டரில் ‘ஆண்டுதோறும்’ என்று மீண்டும் வரும்படி வைப்பது இன்னொரு பொறி. மே 14 என்று நிலையாக நின்றுவிடும். 2027இல் அது வெள்ளிக்கிழமை, விண்ணேற்றமோ எட்டு நாள் முன்பே முடிந்திருக்கும்.

ஆர்த்தடாக்ஸ் நண்பர் வேறு தேதி சொல்கிறார். அவர்கள் நாற்பதை வேறு மாதிரி எண்ணுகிறார்களா?

எண்ணுவது அதேபோல்தான். தொடங்கும் ஈஸ்டர்தான் வேறு, ஏனென்றால் பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகள் அதைப் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணிக்கின்றன. 2026இல் அவர்களுக்கு ஏப்ரல் 12. ஆகவே விண்ணேற்றம் மே 21, பெந்தெகோஸ்து மே 31. 2025இல் இரு தரப்புக்கும் ஏப்ரல் 20 என்றே வந்ததால் மூன்று நாளும் ஒன்றாகின.

பாஸ்கா திரியை விண்ணேற்றத்தன்று அணைத்துவிடலாமா? எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் செய்ததாகச் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்வது உண்மை. பழைய இலத்தீன் முறையில் விண்ணேற்ற நாளின் நற்செய்தி வாசித்ததும் திரியை அணைத்துவிடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த சீர்திருத்தத்தில் இது மாறியது. இப்போது ஐம்பதாம் நாள் வரை பீடத்தருகே எரிய வேண்டும். பெந்தெகோஸ்து ஞாயிறு மாலை ஜெபம் முடிந்தபின் திருமுழுக்குத் தொட்டி அருகே கொண்டுபோய் வைத்துவிடலாம். பிறகு திருமுழுக்குக்கும் அடக்கத் திருப்பலிக்கும் மட்டும் ஏற்றினால் போதும்.

விண்ணேற்றமும் பெந்தெகோஸ்தும் எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் வரலாம்?

கத்தோலிக்க, சீர்திருத்தச் சபைகளின் கணக்கில் ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னும் ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. ஆகவே விண்ணேற்றம் ஏப்ரல் 30க்கும் ஜூன் 3க்கும் இடையில், பெந்தெகோஸ்து மே 10க்கும் ஜூன் 13க்கும் இடையில். மேலே சொன்ன 22ஐக் கழிக்கும் குறுக்கு வழியில் மார்ச் 22க்கு விடை பூஜ்யம் என்று வரும். மே 0 என்றால் ஏப்ரல் 30 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.